‘அது கணக்கு டீச்சர்’: பயிற்சி ஆசிரியரின் ரிஃப்ளெக்டிவ் ஜர்னலில் என்ன எழுதணும்?

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்து, வாசிப்பதற்கு ஏற்றவாறு சற்றே திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது பி.எட்., டி.எல்.எட். படிக்கிற பயிற்சி ஆசிரியர்களுக்கு ரொம்பப் பழக்கமான ஒரு நோட்டைப் பத்தி. ரிஃப்ளெக்டிவ் ஜர்னல். முதல்ல ஒரு பதிவை வாசிக்கிறேன், கேளுங்க.

“இன்று ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு நேர் விகிதம், எதிர் விகிதம் ஆகிய பாடப்பொருளைக் கற்பித்தேன். மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். சில மாணவர்கள் கவனக்குறைவாக இருந்தனர். வகுப்பு நன்றாக அமைந்தது. வரும் வகுப்புகளில் இன்னும் சிறப்பாகக் கற்பிப்பேன்.”

இதுல இலக்கணப் பிழை கிடையாது. கையெழுத்தும் அழகா இருக்கும்னு வச்சுக்கலாம். ஆனா ஒரு சோதனை செஞ்சு பாருங்க. ‘நேர் விகிதம், எதிர் விகிதம்’ங்கிற சொற்களை எடுத்துட்டு ‘ஒளிச்சேர்க்கை’ன்னு போடுங்க. இல்லைன்னா ‘சிலப்பதிகாரம்’னு போடுங்க. மீதி நாலு வரியும் அப்படியே பொருந்தும். எந்த வகுப்புக்கும் பொருந்துற பதிவு, அன்னைக்கு நடந்த வகுப்பைப் பத்தி எதுவுமே சொல்லலைன்னு அர்த்தம். இன்னொரு ஆறு மாசம் கழிச்சு, எழுதினவங்களே எடுத்து வாசிச்சாலும் அந்த வகுப்பு ஞாபகத்துக்கு வராது.

இந்த நோட்டு ஏன் இருக்குன்னு ஒரு வார்த்தை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் மொத்தம் 20 வாரங்கள் பள்ளியோடு சேர்ந்த பயிற்சி. முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களானாலும் சரி, மற்ற கல்வியியல் கல்லூரிகளானாலும் சரி, பள்ளிக்கு அனுப்பும்போது ‘நடந்ததை எழுது, அதை யோசி’ என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். எழுதச் சொல்வது எளிது. எதை எழுதினால் அது யோசனையாகும் என்பதில்தான் பலரும் தடுக்கி நிற்கிறார்கள். அதை ஒரே ஒரு வகுப்பை வைத்துப் பார்ப்போம்.

சுழற்சி என்றால் என்ன?

அனுபவம் மட்டும் பாடம் கற்றுத்தராது, அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பதுதான் கற்றுத்தரும் என்ற எண்ணம் ஜான் டூயி காலத்திலிருந்தே இருக்கிறது. 1983இல் டொனால்ட் ஷோன் இதை இரண்டாகப் பிரித்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்து மாற்றிக்கொள்வது ஒன்று. வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பது மற்றொன்று. 1984இல் டேவிட் கோல்ப் அதை நான்கு படிகள் கொண்ட வட்டமாக வரைந்தார்: அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருதல், அந்தக் கருத்தைச் செய்து பார்த்தல். 1988இல் கிரஹாம் கிப்ஸ் அதை ஆறு படிகளாக்கினார். நம்ம கல்லூரிகளில் அதிகம் கேள்விப்படுவது இந்த ஆறைத்தான்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம்.

தேர்வுக்கு இந்த ஆறு பெயரையும் மனப்பாடம் செய்யலாம். ஆனால் நோட்டில் ஆறு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதிவிட்டால் சுழற்சி ஆகிவிடாது. அது ஆறு பெட்டிகள், அவ்வளவுதான். ஒரு படியில் எழுதியது அடுத்த படியை உருவாக்க வேண்டும். கடைசிப் படியில் எழுதியது அடுத்த வகுப்புக்குள் போக வேண்டும். அப்போதுதான் சக்கரம் உருளும்.

நம்ம நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல பழைய உதாரணம் இருக்கிறது. குஜராத்தின் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திரில் பணியாற்றிய கிஜுபாய் பதேகா, 1932இல் குஜராத்தியில் எழுதிய ‘திவாஸ்வப்னா’. தமிழில் ‘பகல் கனவு’ என்று வந்திருக்கிறது. அதில் வரும் ஆசிரியர் கற்பனைப் பாத்திரம்தான். முதல் நாள் அமைதி விளையாட்டு என்று ஒன்றைத் திட்டமிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறார். பிள்ளைகள் கூச்சல் போட்டு அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். அவர் பிள்ளைகளைக் குறை சொல்லி எழுதவில்லை. தன் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று பார்க்கிறார். அடுத்த நாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். கிப்ஸ் வட்டம் வரைவதற்கு ஐம்பது வருடங்களுக்கு முன்பே அந்த வட்டம் இங்கே ஓடியிருக்கிறது.

வகுப்பைப் பார்ப்போம்

உதாரணத்துக்காக ஒரு வகுப்பை அமைத்துக்கொள்கிறேன். தோவாளைப் பக்கம் ஒரு பள்ளி. கணிதம் எடுக்கும் ஒரு பயிற்சி ஆசிரியை. ஏழாம் வகுப்பு, அன்று வந்தவர்கள் 31 பேர். நாற்பது நிமிட வகுப்பு. கல்லூரியிலிருந்து வந்த மேற்பார்வைப் பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் இருபத்தைந்து நிமிடம் நேர் விகிதம். மூன்று கணக்குகள் போட்டாகிவிட்டது. தோவாளை ஆச்சே, முதல் கணக்கு பிச்சிப்பூ முழம் கணக்கு. பிள்ளைகள் நன்றாகவே பதில் சொன்னார்கள். மீதி நேரத்தில் எதிர் விகிதம். தொட்டியை நிரப்பும் குழாய்கள் பற்றி ஒரே ஒரு கணக்கு. பிறகு, “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது டீச்சர்!” மணி அடித்தது. வீட்டுக்கணக்கு கொடுத்தார்: ஒரு வயலில் 6 பேர் நட்டால் நடவு முடிய 4 நாள் ஆகும். 8 பேர் நட்டால் எத்தனை நாள்?

விடை 3 நாள். மறுநாள் காலை 31 நோட்டுகளையும் பார்த்தார். 9 பேர் சரி. 3 பேர் எதுவும் எழுதவில்லை. மீதி 19 பேர்? எல்லோரும் ஒரே விடை: 5⅓ நாள்.

நாம் முதலில் வாசித்த பதிவு இந்த நோட்டுகளைப் பார்ப்பதற்கு முன் எழுதியது. இனி இதே வகுப்புக்கு உபயோகமான பதிவு எப்படி உருவாகும் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

விவரிப்பு: பார்த்ததும் கேட்டதும் மட்டும்

இந்தப் படியில் ஒரே விதி. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள். உங்கள் தீர்ப்பை எழுதாதீர்கள். ‘ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்பது தீர்ப்பு. ‘பூக்கணக்குக்கு ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள், குழாய்க் கணக்குக்கு இரண்டு பேர்தான் தூக்கினார்கள்’ என்பது பார்த்தது. ‘கவனக்குறைவு’ என்பது தீர்ப்பு. ‘19 நோட்டில் ஒரே தவறான விடை’ என்பது பார்த்தது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டது, கதை முடிந்தது. எண்ணிக்கையை எழுதினால் அது உங்களைக் கேள்வி கேட்கும். பத்தொன்பது பேரும் கவனக்குறைவாக இருந்திருந்தால் தவறுகள் சிதறியிருக்க வேண்டாமா? ஒருவர் 2 என்றும், ஒருவர் 12 என்றும், ஒருவர் 48 என்றும் எழுதியிருக்க வேண்டும். எல்லோருடைய தவறும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது என்றால், அதற்கு ஒரே காரணம் இருக்கிறது.

இந்த விவரங்களை ராத்திரி உட்கார்ந்து யோசித்தால் வராது. மணி அடித்த ஐந்து நிமிடத்துக்குள், லெசன் பிளான் நோட்டின் பின்பக்கத்திலாவது, பென்சிலில் நாலு குறிப்பு கிறுக்கி வையுங்கள். எத்தனை பேர் கை தூக்கினார்கள், எந்தக் கேள்விக்கு அமைதி வந்தது, ஒரு பிள்ளை சொன்ன சரியான வார்த்தை என்ன. அது போதும்.

உணர்வு: அலங்காரத்துக்கு அல்ல

இரண்டாவது படியில்தான் நோட்டுகள் அதிகம் வழுக்குகின்றன. ‘மகிழ்ச்சியாக இருந்தது’, ‘சற்று பதட்டமாக இருந்தது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். உணர்வை எழுதச் சொல்வது மனதை ஆற்றிக்கொள்ள மட்டுமல்ல. அந்த உணர்வு உங்களை என்ன செய்ய வைத்தது என்று கண்டுபிடிக்கத்தான்.

நம்ம பயிற்சி ஆசிரியை இப்படி எழுதினார் என்று வைத்துக்கொள்வோம்: “25ஆவது நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எதிர் விகிதத்துக்கு 15 நிமிடம்தான் இருந்தது. பேராசிரியர் கையில் என் பாடத்திட்டம் இருந்தது. அதில் எழுதியதை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும் என்று பயந்தேன். அதனால் இரண்டாவது எதிர் விகிதக் கணக்கை விட்டுவிட்டேன். ‘புரிஞ்சுதா’ என்று கேட்டபோது, இல்லை என்ற பதில் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.”

கடைசி வரியைக் கவனிச்சீங்களா? அது வெறும் மனநிலை இல்லை. அந்தக் கேள்வி கேள்வியாகவே இல்லை என்பதற்கான ஆதாரம். பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். டீச்சர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கூட்டாகச் சொல்லிவிட்டார்கள். உணர்வு ஒரு முடிவெடுப்பைத் தொட்டிருந்தால் எழுதுங்கள். தொடவில்லை என்றால் அந்தப் படியை ஒரே வரியில் கடந்துவிடுங்கள், தப்பில்லை.

மதிப்பீடு: எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை

இது சுருக்கமாக இருக்கலாம். நேர் விகிதம் பிடிபட்டது. எதிர் விகிதம் பிடிபடவில்லை. ஆனால் நல்லதையும் கெட்டதையும் ஒரே அளவு நுணுக்கத்தோடு எழுத வேண்டும். பூக்கணக்கு நன்றாகப் போனதற்கும் காரணம் உண்டு. அந்தப் பிள்ளைகள் பலருக்கும் முழத்துக்கு என்ன விலை என்பது தினமும் காதில் விழும் பேச்சு. இந்தக் குறிப்பு பின்னால் உதவப்போகிறது.

பகுப்பாய்வு: ஒரு காரணம் போதாது, மூன்று எழுதுங்கள்

பதிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு நிகழ்வுக்கு ஒரே காரணம் எழுதினால் அது பெரும்பாலும் நமக்கு வசதியான காரணமாகத்தான் இருக்கும். அதனால் மூன்று காரணம் எழுதிப் பாருங்கள். பிறகு, ஒவ்வொன்றும் உண்மையானால் வேறு என்ன பார்க்க முடியும் என்று கேளுங்கள்.

நம்ம வகுப்புக்கு மூன்று சாத்தியங்கள் வைக்கலாம். ஒன்று, ஆள் கூடினால் நாள் குறையும் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இரண்டு, அது தெரியும், ஆனால் கணக்கு என்று வந்ததும் முதலில் பழகிய முறையை அப்படியே போட்டுவிட்டார்கள். மூன்று, கணக்கின் வாக்கியத்தை வாசித்துப் புரிந்துகொள்வதிலேயே சிக்கல்.

இப்போது ஆதாரம் தேட வேண்டும். இடைவேளையில் 5⅓ எழுதிய ஐந்து பேரைத் தனித்தனியாகக் கேட்கிறார். ஒரு மாணவியோடு பேச்சு இப்படிப் போகிறது:

“எட்டு பேரு நட்டா வேலை சீக்கிரம் முடியுமா, பிந்துமா மக்களே?”

“சீக்கிரம் முடியும் டீச்சர்.”

“அப்போ ஆறு பேருக்கு நாலு நாளுன்னா, எட்டு பேருக்கு அஞ்சு நாளுக்கு மேல எப்படி வந்துது?”

“அது கணக்கு டீச்சர்.”

இந்த மூன்று சொல்லை அப்படியே நோட்டில் எழுத வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வயல் ஒரு உலகம், கணக்கு இன்னொரு உலகம். கும்பப்பூ நடவுக்கு எத்தனை ஆள் வந்தால் எப்போது முடியும் என்று வீட்டில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நோட்டைத் திறந்ததும் அந்த அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறாள். ஐந்து பேரும் வாய்மொழியாகச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆகவே முதல் காரணம் இவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது காரணத்துக்குப் போவோம். கரும்பலகையில் நடந்தது என்ன? மூன்று நேர் விகிதக் கணக்கிலும் ஒரே மாதிரி அட்டவணை, ஒரே மாதிரி குறுக்குப் பெருக்கல். வீட்டுக்கணக்கில் அதையே செய்தால் என்ன வரும்? எட்டையும் நாலையும் பெருக்கினால் 32. ஆறால் வகுத்தால் 5⅓. பத்தொன்பது பேரும் எழுதிய அதே விடை! அவர்கள் தவறாகச் செய்யவில்லை. கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். மூன்று முறை பழக்கியது, ஒரு முறை காட்டியதை மூடிவிட்டது.

மூன்றாவது காரணமும் முழுக்கப் பொய்யில்லை. எதுவும் எழுதாத மூவரையும் கணக்கை வாசிக்கச் சொன்னபோது, ஒருவன் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். அவனுக்குத் தேவைப்படுவது வேறு உதவி. பத்தொன்பது பேரின் பிரச்சினைக்கான தீர்வை அவன் மேல் போடக் கூடாது. அதையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பகுப்பாய்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி சொல்றேன். நீங்கள் எழுதிய வாக்கியங்களின் எழுவாயை மட்டும் அடிக்கோடு போடுங்கள். ‘மாணவர்கள் கவனிக்கவில்லை’, ‘மாணவர்கள் மறந்துவிட்டனர்’, ‘மாணவர்களுக்கு அடிப்படை இல்லை’ என்று எல்லா இடத்திலும் மாணவர்களே வந்தால், நீங்கள் மாற்றக்கூடியது எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. அதேபோல் எல்லா இடத்திலும் ‘நான் சரியில்லை, எனக்கு வரவில்லை’ என்று வந்தாலும் பயனில்லை. அது தன்னைத் திட்டிக்கொள்வது, அதுவும் ஒரு தீர்ப்புதான். ‘நான் போட்ட மூன்றாவது கணக்கு’, ‘நான் கேட்ட கேள்வி’, ‘அந்த அட்டவணை’ என்று ஒரு செயலோ பொருளோ எழுவாயாக வந்தால் பகுப்பாய்வு சரியான பாதையில் போகிறது.

முடிவும் செயல்திட்டமும்: நாளைக்குப் பொய்யாகக்கூடிய ஒரு வரி

முடிவு இரண்டு வரி போதும்: “எது கூடும், எது குறையும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்குப் போடும் முன் அந்த அறிவைப் பயன்படுத்த நான் இடம் கொடுக்கவில்லை.”

செயல்திட்டம்தான் சுழற்சியை மூடும் பூட்டு. ‘இன்னும் நன்றாக விளக்குவேன்’ என்பது திட்டம் அல்ல. நாளை அது நடந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல திட்டத்தில் மூன்று விஷயம் இருக்கும்: என்ன செய்வேன், எப்போது செய்வேன், பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வேன்.

“வியாழக்கிழமை வகுப்பில் முதல் பத்து நிமிடம் யாரும் கணக்குப் போடக் கூடாது. ஐந்து சூழல்களைச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் விடை கூடுமா குறையுமா என்று மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ அம்புக்குறி மட்டும் போட வேண்டும். பிறகு நேர் ஒன்று, எதிர் ஒன்று என்று இரண்டு கணக்கு. எது எந்த வகை என்று சொல்ல மாட்டேன். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி எண்ணுவேன். நேர் விகித முறையைத் தவறாகப் போடுபவர்கள் 19இலிருந்து 5 பேருக்குள் குறைய வேண்டும். அம்புக்குறி சரியாக இருந்தும் விடை தவறாக இருந்தால், என் காரணம் பாதிதான் சரி.”

கடைசி வரி ரொம்ப முக்கியம். தன் கணிப்பு தவறாகப் போனால் அது எப்படித் தெரியவரும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்.

சக்கரம் உருண்டதும்

வியாழக்கிழமை வந்தவர்கள் 30 பேர். 5 முழம் பூ 100 ரூபாய் என்றால் 8 முழம் எவ்வளவு? பெரும்பாலும் எல்லோரும் 160 என்று எழுதிவிட்டார்கள். அடுத்தது: 10 பேர் நட்டால் 6 நாள், 12 பேர் நட்டால்? விடை 5 நாள். 18 பேர் சரி. நேர் விகிதம் போட்டு 7.2 என்று எழுதியவர்கள் 4 பேர். ஆக, திட்டம் பலித்தது.

ஆனால் மீதி எட்டு பேர் இருக்கிறார்களே? எட்டு பேருமே அம்புக்குறியைச் சரியாகக் கீழே போட்டிருந்தார்கள். மூன்று பேர் அதற்கு மேல் போகவில்லை. ஐந்து பேர் 4 நாள் என்று எழுதியிருந்தார்கள். நாலு எப்படி வந்தது? பத்து பேர் பன்னிரண்டானால் இரண்டு பேர் கூடுதல். ஆகவே ஆறு நாளில் இரண்டு நாள் குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். விகிதத்தைப் பெருக்கல் உறவாகப் பார்க்காமல் கூட்டல் உறவாகப் பார்ப்பது, இந்தப் பாடத்தில் உலகம் முழுவதும் பிள்ளைகளிடம் பார்க்கப்படும் ஒரு பழக்கம். முதல் வகுப்பில் அது கண்ணில் படவில்லை. குறுக்குப் பெருக்கல் அதை மறைத்திருந்தது. மேல் தவறை எடுத்ததும் கீழே இருந்த தவறு தெரிகிறது.

அடுத்த பதிவு இங்கேதான் தொடங்க வேண்டும். “வியாழன் சீட்டுகளில் ஐந்து பேர் 4 என்று எழுதினார்கள்” என்பதுதான் அதன் முதல் வரி. அதற்கான திட்டமும் வயலிலேயே கிடைக்கிறது. 10 பேர் 6 நாள் நட்டால் மொத்தம் எத்தனை ஆள் சம்பளம் கொடுக்கணும்? அறுபது. வயல் அதேதான், வேலையும் அதேதான். அந்த அறுபதை 12 பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து நாள். மாறாமல் இருக்கும் அந்த அறுபதைப் பிள்ளை பார்த்துவிட்டால் கழித்தல் தானாக விழுந்துவிடும். முதல் வீட்டுக்கணக்கும் இதேதான்: 24 ஆள் வேலை, எட்டு பேர், மூன்று நாள்.

இந்த வகுப்பில் இன்னொன்றும் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அம்புக்குறி போடும்போது ஒரு பையன், “நூறு பேரு வந்தா வயல்ல நிக்க எடம் இருக்காதே டீச்சர்!” என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஷோன் சொன்ன, வேலைக்கு நடுவே யோசிப்பது என்பது இந்த நொடிதான். “சும்மா இரு” என்று அடக்கலாம். அல்லது, “சரியாத்தான் சொல்லுக. அப்போ நாம ஒவ்வொருத்தரும் ஒரே வேகத்துல, எடைஞ்சல் இல்லாம நடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டுதான் இந்தக் கணக்கைப் போடுறோம், இல்லையா?” என்று கேட்கலாம். எதைச் செய்தார், ஏன் அதைச் செய்தார் என்று அன்றைய பதிவில் இரண்டு வரி வந்தால், அது பத்து வரிப் பாராட்டை விட மதிப்புள்ளது.

உங்கள் கேள்விகள்

*தினமும் ஆறு படியும் எழுத நேரம் எங்கே இருக்கிறது?*

இல்லைதான். தினமும் எழுதச் சொல்லும் கல்லூரியானால், சாதாரண நாட்களில் மூன்று கேள்விகள் போதும்: நடந்தது என்ன? அதனால் என்ன? இனி என்ன? 1970இல் டெரி போர்ட்டன் சொன்ன அமைப்பு இது, மூன்று நான்கு வரியில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நிகழ்வை மட்டும் எடுத்து முழுமையாக எழுதுங்கள். எதை எடுப்பது? நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்ததை எடுங்கள். நன்றாகப் போகாது என்று நினைத்தது நன்றாகப் போயிருந்தாலும் அது எழுத வேண்டியதுதான்.

*இதற்கு மதிப்பெண் போடுகிறார்களே, தவறை எழுதினால் குறைக்க மாட்டார்களா?*

நியாயமான பயம். மதிப்பெண் இருக்கும் நோட்டில் யாரும் முழு உண்மையை எழுதுவதில்லை என்பது இந்த முறையின் பெரிய வரம்பு. இரண்டு விஷயம் சொல்லலாம். ஒன்று, கிறுக்கல் குறிப்பும் சமர்ப்பிக்கும் பதிவும் வேறு வேறாகவே இருக்கட்டும். குறிப்பு உங்களுக்கு மட்டும். இரண்டு, தவறை மட்டும் தனியாக எழுதாமல் அதோடு ஆதாரத்தையும், செய்த மாற்றத்தையும், அதன் விளைவையும் சேர்த்து எழுதுங்கள். ‘19 பேர் தவறு’ என்று நின்றுவிட்டால் அது குற்ற ஒப்புதல் மாதிரி தெரியும். ‘19, பிறகு 4, ஆனால் புதிதாக 5’ என்று போனால் அது வேலை. வாசிக்கிறவருக்கும் அது தெரியும்.

*தனியாக யோசித்தால் நமக்குப் பிடித்த காரணத்துக்கே போய்விடுகிறோமே?*

போய்விடுவோம். அதனால்தான் நம்ம பயிற்சி ஆசிரியை ஐந்து பிள்ளைகளிடம் கேட்டார். வழிகாட்டி ஆசிரியரிடமும் கேட்கலாம். ஆனால் “கிளாஸ் எப்படி இருந்துச்சு டீச்சர்?” என்று கேட்டால், “நல்லாதான் இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். “எதிர் விகிதம் சொன்னப்போ பின்பெஞ்சுல என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?” என்று கேளுங்கள். அவர் பார்த்தது கிடைக்கும்.

*பிள்ளைகளின் பெயரை எழுதலாமா?*

வேண்டாம். அந்த நோட்டு பல கைகளுக்குப் போகும். ‘மூன்றாம் வரிசை மாணவி’, ‘மாணவன் 2’ என்பது போதும். எழுத்துக் கூட்டி வாசித்த பையனின் குடும்ப நிலை, சாதி, வீட்டுப் பிரச்சினை எதுவும் அதில் வரக் கூடாது. அவனுக்கு உதவி தேவை என்பதை வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஜர்னல் எழுத உட்காரும்போது, போன பதிவின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். அதில் சொன்னதைச் செய்தீர்களா, செய்தபோது என்ன எண்ணிக்கை வந்தது என்பதிலிருந்து புதிய பதிவைத் தொடங்குங்கள். அந்தக் கடைசி வரியில் எண்ணிப் பார்க்க ஒன்றுமே இல்லையென்றால், இந்தப் பதிவில் அதைத்தான் முதலில் சரிசெய்யணும்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.